பாடக் குறிப்பைக் கையளிக்கும் முன்...



நமது வாசகிகளில் ஆசிரியைகள் பலர். கல்விக் கல்லூரியிலிருந்து கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலைக்குச் சென்று வருவோரும், புதிதாக நியமனம் பெற்றோரும், பல ஆண்டுகளாகக் கற்பித்து வருவோரும் அவர்களுள் அடங்குவர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. வீட்டு வேலைகள் முடிந்து பிள்ளைகள் உறங்கிய பின்னர் மேசையில் அமர்ந்து மறுநாளைக்கான பாடக் குறிப்பை எழுதுவதுதான் அது. அக்குறிப்பை விரிவுரையாளரோ, அதிபரோ, பகுதித் தலைவரோ, சேவைக்கால ஆலோசகரோ பார்வையிடுவார். சில வேளைகளில் அவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தையும் அவதானிப்பார்.

திரும்பி வரும் குறிப்புக்களில் சிவப்பு மையினால் எழுதப்படுபவற்றைத் தொகுத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஒரு சில வசனங்களே. 'குறிக்கோள் தெளிவில்லை.' 'நேரம் போதாது.' 'மாணவர் செயற்பாடு எங்கே?' 'மதிப்பீடு பொருந்தவில்லை.' இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டியதில்லை. எழுதியவரே, ஒரு சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். அக்கேள்விகள் எவை, அவற்றை எப்படிக் கேட்பது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

தரம் 4 வகுப்பில் 36 பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாடவேளை 40 நிமிடங்கள். இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய பின்னங்களை ஒப்பிடுவதே பாடம். அவர் தனது குறிப்பில் பின்வருமாறு எழுதியிருக்கிறார்:

"குறிக்கோள்: மாணவர்கள் பின்னங்களை விளங்கிக்கொள்வர். அறிமுகம் 10 நிமிடம். ஆசிரியர் பின்னங்களை விளக்குவார், 10 நிமிடம். குழுச் செயற்பாடு 20 நிமிடம். மதிப்பீடு: விளங்கியதா எனக் கேட்டல், 5 நிமிடம். வீட்டு வேலை வழங்கல் 5 நிமிடம்."

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் எல்லாம் இருக்கிறது. தலைப்புகளில் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் இக்குறிப்பை வைத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றால், பாடம் முடிந்த பின்னரும் பல பிள்ளைகள் நான்கில் ஒன்றுதான் மூன்றில் ஒன்றை விடப் பெரியது என்று எண்ணியிருப்பார்கள். அது ஆசிரியைக்குத் தெரியவும் மாட்டாது. அடுத்த தரங்களில் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் வரும்போது அந்தப் பிழையான எண்ணத்தின் மீதுதான் எல்லாம் அடுக்கப்படும். ஆகவே குறிப்பைச் சரிபார்ப்பது கையொப்பம் பெறுவதற்கான ஒரு சடங்கன்று.

முதலாவது கேள்வி: கடைசி வினா குறிக்கோளைக் காட்டுகிறதா?

குறிப்பை மேலிருந்து கீழாக வாசிக்காதீர்கள். அப்படி வாசித்தால், எழுதும்போது மனதில் இருந்தவை எல்லாம் மீண்டும் வந்து இடைவெளிகளை நிரப்பிவிடும். கீழிருந்து தொடங்குங்கள். குறிக்கோளைக் கையால் மறைத்துக்கொண்டு, பாடத்தின் இறுதியில் பிள்ளைகளிடம் கேட்கவிருக்கும் வினாவை மட்டும் வாசியுங்கள். இந்த வினாவுக்கு விடை சொல்லும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் கையை எடுத்துக் குறிக்கோளுடன் ஒப்பிடுங்கள். வீட்டில் மூத்த மகளோ, தங்கையோ இருந்தால் அந்த வினாவை அவரிடம் காட்டி, "இது எதைப் பற்றிய பாடம்?" என்று கேட்பது இன்னும் நல்லது.

நமது ஆசிரியையின் கடைசி வினா "விளங்கியதா?" என்பதாகும். இதற்கு 36 பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் டீச்சர்" என்பார்கள். அந்தப் பதிலிலிருந்து எதுவும் தெரியவராது. குறிக்கோளிலும் அதே குறைதான். 'விளங்கிக்கொள்வர்' என்பது பிள்ளையின் மனதுக்குள் நிகழ்வது. அதை நாம் காண முடியாது. அமெரிக்கக் கல்வியியலாளர் ரொபட் மேகர் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட, குறிக்கோள்களை எழுதுவது பற்றிய சிறு நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். பிள்ளை என்ன செய்து காட்டும், எந்த நிலைமையில் செய்யும், எவ்வளவு சரியாகச் செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் குறிக்கோளில் இருக்க வேண்டும் என்பது அவரது கருத்து.

அதன்படி நமது குறிக்கோளைத் திருத்தினால் இப்படி அமையும்: "ஒரே நீளமுள்ள கடதாசிப் பட்டிகளைப் பயன்படுத்தி, 1/2, 1/3, 1/4 ஆகியவற்றைப் பெரியதிலிருந்து சிறியதற்குப் பிழையின்றி வரிசைப்படுத்தி, காரணத்தை ஒரு வசனத்தில் கூறுவர்." வரிசைப்படுத்துவதைக் கண்ணால் காணலாம், காரணம் கூறுவதைக் காதால் கேட்கலாம்.

இனிக் கடைசி வினா. பாடத்தில் பயன்படுத்திய அதே பின்னங்களைக் கேட்டால் சில பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஆகவே கரும்பலகையை அழித்துவிட்டு, "1/5, 1/6 இவற்றில் பெரியது எது? ஏன்?" என்று கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக ஒரு சிறு துண்டுத் தாளில் விடை எழுதித் தர வேண்டும். 'ஏன்' என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது. இரண்டில் ஒன்றை ஊகித்துச் சொல்லும் பிள்ளைக்கும் பாதித் தடவை விடை சரியாக வந்துவிடும். காரணத்தை வாசித்தால்தான் அறிந்து எழுதினாரா, ஊகித்து எழுதினாரா என்பது தெரியும்.

இரண்டாவது கேள்வி: வேலை செய்வது யார்?

ஒரு பென்சிலை எடுத்து, குறிப்பிலுள்ள ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடிடுங்கள். ஆசிரியர் செய்பவற்றுக்கு ஒற்றைக் கோடு. பிள்ளைகள் செய்பவற்றுக்கு இரட்டைக் கோடு. விளக்குவார், காட்டுவார், எழுதுவார், வினவுவார் என்று ஒற்றைக் கோடுகளே நிறைந்திருந்தால், பிள்ளைகள் பெரும்பாலான நேரம் பார்த்துக்கொண்டு மட்டுமே இருக்கப் போகிறார்கள் என்பது பொருள்.

'குழுச் செயற்பாடு' என்ற சொல் இங்கு நம்மை ஏமாற்றிவிடும். அது பிள்ளைகளின் வேலைபோலத் தோன்றும். ஆனால் அதில் வினைச்சொல்லே இல்லை. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதிப் பட்டிகள் கொடுத்தால், ஒருவர் மடிப்பார், ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார், ஏனைய நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். பாடம் தொடங்கி 15ஆவது நிமிடத்தில், பின் வாங்கில் சுவரோரமாக அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் என்ன இருக்கும், அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பில் அதற்கு விடை இல்லையானால் செயற்பாடு இன்னும் எழுதப்படவில்லை.

நமது ஆசிரியை அதை இவ்வாறு திருத்தி எழுதலாம்: "மாணவர் இருவர் இருவராகச் சேர்வர். முதலாவது பட்டியை ஒருவரும் இரண்டாவதை மற்றவரும் மூன்றாவதை இருவரும் சேர்ந்தும் மடிப்பர். ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்கு நிறந்தீட்டுவர். மூன்று பட்டிகளையும் இடப்பக்க ஓரம் ஒன்றாக இருக்குமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிடுவர்." இப்போது மேற்பார்வையாளர் மட்டுமன்றி, ஆசிரியை விடுமுறையில் இருக்கும் நாளில் வகுப்புக்கு வரும் இன்னோர் ஆசிரியையும் இப்பாடத்தை நடத்திவிடலாம்.

மூன்றாவது கேள்வி: பிள்ளை எந்த இடத்தில் பிழை விடும்?

பெரும்பாலான குறிப்புக்களில் இல்லாதது இதுதான். பிள்ளை சரியான விடையையே சொல்லும் என்ற எண்ணத்தில்தான் நாம் எழுதுகிறோம். 'ஆசிரியர் வினவுவார்; மாணவர் விடையளிப்பர்' என்று முடித்துவிடுகிறோம். பிழையான விடை வந்தால், அந்த நேரத்தில் நாவில் வருவதைச் சொல்லிச் சமாளிக்கிறோம்.

பின்னங்களை ஒப்பிடும் பாடத்தில் வரும் பிழை முன்கூட்டியே தெரிந்த ஒன்று. "நான்கு மூன்றை விடப் பெரியது. ஆகவே நான்கில் ஒன்றுதான் பெரியது" என்று பிள்ளை சொல்லும். இது அசட்டையால் வந்த பிழையன்று. இதுவரை முழு எண்களில் கற்ற உண்மையைப் பிள்ளை இங்கும் பயன்படுத்துகிறது. ஆகவே "பிழை, உட்காருங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. "ஒரு ரொட்டியை மூன்று பேர் சமமாகப் பங்கிட்டாலா, நான்கு பேர் சமமாகப் பங்கிட்டாலா உங்களுக்குப் பெரிய துண்டு கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும். பங்காளிகள் கூடினால் பங்கு சிறுக்கும் என்பதைப் பிள்ளை தன் வீட்டில் பலமுறை கண்டிருக்கிறது. குறிப்பின் ஓரத்தில் இரண்டு வரிகள் போதும்: 'எதிர்பார்க்கும் பிழை' என்று ஒரு வரி, 'அப்போது கேட்கும் வினா' என்று ஒரு வரி.

அதே ஓரத்தில் 'பொறுத்திரு' என்றும் எழுதிக்கொள்ளலாம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாவொன்றைக் கேட்டபின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை மூன்று வினாடிகளாகவோ அதற்கு மேலாகவோ நீடித்தபோது விடைகள் நீண்டன. வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். 'ஏன்?' என்ற வினாவுக்கு அந்த மூன்று வினாடிகள் மிகவும் தேவை.

நான்காவது கேள்வி: நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தீர்களா?

மேலே தந்த குறிப்பின் நிமிடங்களைக் கூட்டுங்கள். 10, 10, 20, 5, 5. மொத்தம் 50. பாடவேளையோ 40 நிமிடங்கள். எழுதும்போது ஒவ்வொரு பகுதியும் நியாயமாகவே தோன்றியது. கூட்டிப் பார்த்தபோதுதான் பத்து நிமிடம் கூடியது தெரிகிறது. அந்தப் பத்து நிமிடத்தை வகுப்பறை எங்கிருந்து வெட்டும்? எப்போதும் கடைசியிலிருந்துதான். அதாவது மணி அடிக்கும்போது மதிப்பீடும் வீட்டு வேலையும் போய்விடும். பிள்ளைகள் கற்றார்களா என்று அறியும் ஒரே சந்தர்ப்பம் அதனுடன் போய்விடுகிறது.

கூட்டுத்தொகை சரியாக 40 ஆக இருந்தாலும் போதாது. முன்னைய பாடத்தின் கொப்பிகளை எடுத்து வைப்பதற்கும், பட்டிகளைப் பகிர்வதற்கும், நிறப் பென்சில் தேடுவதற்கும் நேரம் போகும். குறிப்பில் இவற்றுக்கு ஒரு நிமிடமும் இருப்பதில்லை. திருத்திய பகிர்வு இப்படி இருக்கலாம்: ரொட்டியைப் பங்கிடும் வினாவுடன் அறிமுகம் 5 நிமிடம். பட்டிகளைப் பகிர்ந்து, மடித்து, நிறந்தீட்டி, ஒப்பிட 15 நிமிடம். பிள்ளைகள் கண்டதைச் சொல்ல, ஆசிரியை அதைத் தொகுத்துக் கரும்பலகையில் எழுத 10 நிமிடம். துண்டுத் தாளில் கடைசி வினா 6 நிமிடம். மீதி 4 நிமிடம் கையிருப்பு. வீட்டு வேலையை அந்தக் கையிருப்பில் சொல்லிவிடலாம். நேரம் பிந்தினாலும் கடைசி வினா தப்பிவிடும்.

ஐந்தாவது கேள்வி: பொருளும் வசனமும் சரியா?

'கற்பித்தற் சாதனம்: கடதாசிப் பட்டிகள்' என்று எழுதினால் போதாது. எத்தனை, என்ன அளவு, யார் எப்போது வெட்டுவது என்பவை வேண்டும். 36 பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்தால் 18 சோடி. சோடிக்கு 3 பட்டிகள் வீதம் 54. கிழிபவற்றுக்காக 6 சேர்த்தால் 60. 12 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பட்டிகளை ஓர் ஏ4 தாளிலிருந்து 14 வெட்டலாம். ஆகவே 5 தாள்கள் போதும்.

நீளத்தை 12 சென்ரிமீற்றர் என்று எடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் மீதியின்றி வகுக்கலாம். பங்குகள் 6, 4, 3 சென்ரிமீற்றர் என்று வரும். அவற்றின் வேறுபாடு பின்வரிசைப் பிள்ளைக்கும் தெளிவாகத் தெரியும். இரண்டாகவும் நான்காகவும் மடிப்பது பிள்ளைகளுக்கு இலகு. மூன்றாக மடிப்பது கடினம். பங்குகள் சமமாக வராது. ஆகவே மூன்றில் ஒன்றுக்குரிய பட்டிகளில் 4, 8 சென்ரிமீற்றர்களில் முன்கூட்டியே சிறு புள்ளி இட்டு வைக்க வேண்டும். இதை அறிவதற்கு வழி ஒன்றுதான். செயற்பாட்டை நீங்களே ஒரு தடவை மேசையில் செய்து பாருங்கள். எழுத்தில் தெரியாத சிக்கல் கையில் தெரியும்.

பட்டிகள் எல்லாம் ஒரே நீளமாக இருப்பதும் மிக அவசியம். ஒரு பட்டி நீண்டும் மற்றது குறுகியும் இருந்தால், நீண்ட பட்டியின் நான்கில் ஒன்று குறுகிய பட்டியின் மூன்றில் ஒன்றை விடப் பெரிதாகிவிடலாம். அப்போது பிள்ளை தன் கண்ணால் பிழையைக் கற்றுக்கொள்ளும்.

கரும்பலகையில் எழுதப்போகும் முடிவு வசனத்தையும் குறிப்பிலேயே சொல்லுக்குச் சொல் எழுதி, அது எப்போதும் உண்மைதானா என்று சோதியுங்கள். "கீழேயுள்ள எண் பெரிதானால் பின்னம் சிறிது" என்று எழுதத் தோன்றும். அது இன்றைய பாடத்துக்குப் பொருந்தும். ஆனால் நாளை பிழையாகும். 2/3, 3/4 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நமது 12 சென்ரிமீற்றர் பட்டியில் முதலாவது 8 சென்ரிமீற்றர். இரண்டாவது 9 சென்ரிமீற்றர். கீழேயுள்ள எண் பெரிதாக இருந்தும் பின்னமும் பெரிதாக இருக்கிறது. ஆகவே வசனம் இப்படி இருக்க வேண்டும்: "ஒரே அளவான முழுப்பொருளில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும்போது, பங்குகளின் எண்ணிக்கை கூடக் கூட அந்தப் பங்கு சிறிதாகும்." சற்று நீளம்தான், ஆனால் அடுத்த ஆண்டில் எவரும் இதை அழித்துவிட்டு வேறொன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த ஐந்தும் சரியாக இருந்தால், கடைசியாக மேலட்டை விடயங்களைப் பாருங்கள். திகதி, தரம், பாடவேளை, மாணவர் தொகை, ஆசிரியர் வழிகாட்டியிலுள்ள தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், அவற்றின் இலக்கம் ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா? சென்ற ஆண்டுக் குறிப்பையோ, தோழியின் குறிப்பையோ பார்த்து எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இங்குதான் வெளிப்படும். வகுப்பில் 36 பேர் இருக்க, குறிப்பில் 42 பேர் என்றிருக்கும். பாடசாலையில் இல்லாத ஒரு கருவி சாதனங்களில் இடம்பெற்றிருக்கும். பிறர் குறிப்பிலிருந்து ஒரு நல்ல செயற்பாட்டை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வகுப்பின் தொகையும் நேரமும் பிழைகளும் வேறு. அவற்றை உங்கள் வகுப்புக்கென்று மாற்றி எழுத வேண்டும்.

சரிபார்த்த பின்னரும் ஏதேனும் ஓர் இடத்தில் ஐயம் இருந்தால் அதை மறைக்காமல் ஓரத்தில் குறித்துக் கையளியுங்கள். "மூன்றாக மடிப்பதற்கு 15 நிமிடம் போதுமா என்பதில் ஐயம்" என்று எழுதப்பட்ட குறிப்பைக் காணும் மேற்பார்வையாளர் எதை அவதானிக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார். பாடம் முடிந்ததும் அவர் பொதுவாகச் சில வார்த்தைகள் சொல்லிப் போவதற்குப் பதிலாக, அந்த இடத்தைப் பற்றி உங்களுக்குப் பயன்படும்படி பேசுவார்.

சகோதரிகளே, இந்தச் சரிபார்ப்பை எழுதிய கையோடு செய்யாதீர்கள். இரவில் எழுதினால் காலையில் செய்யுங்கள். இயலுமானால் ஒருநாள் இடைவெளி விடுங்கள். குறிப்புக் கொப்பியின் உட்பக்க அட்டையில் கீழ்வரும் ஐந்து வரிகளையும் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்த வேண்டியிராது.

1. குறிக்கோளை மறைத்துவிட்டுக் கடைசி வினாவை வாசித்தேன்; இரண்டும் ஒன்றே.

2. 15ஆவது நிமிடத்தில் பின் வாங்குப் பிள்ளை என்ன செய்யும் என்பது எழுதப்பட்டுள்ளது.

3. எதிர்பார்க்கும் பிழையும், அப்போது கேட்கும் வினாவும் ஓரத்தில் உள்ளன.

4. நிமிடங்களைக் கூட்டினேன், கையிருப்பு உண்டு, கடைசி வினாவுக்கு இடமுண்டு.

5. செயற்பாட்டை நானே செய்து பார்த்தேன். கரும்பலகை வசனம் நாளையும் உண்மையாக இருக்கும்.

இந்தப் பட்டியலால் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. மழை பெய்து கூரை இரைந்தால், நல்ல குறிப்பும் குழம்பிப் போகும். ஆகவே பாடம் முடிந்த அன்றே, பிள்ளைகள் எழுதித் தந்த துண்டுத் தாள்களை மூன்று அடுக்குகளாகப் பிரியுங்கள். விடையும் காரணமும் சரியானவை ஒன்று; விடை மட்டும் சரியானவை ஒன்று; பிழையானவை ஒன்று. இரண்டாவது அடுக்கையும் மூன்றாவது அடுக்கையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குறிப்பின் கீழே எழுதிவையுங்கள். நாளைய பாடக் குறிப்பு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.